எப்பயாவது வாற படபடப்பு: ஒரு நாள் ஹோல்டர் காணாது, ஒரு மாச மெஷின் ஏன் வேணும்?

"டொக்டர், எனக்கு வயசு 37. வெள்ளவத்தையில இருக்கிறன், கோட்டையில ஒரு ஒபீஸில வேலை. மூண்டு கிழமைக்கு ஒருக்கா போல திடீரெண்டு நெஞ்சு படபட எண்டு அடிக்கத் தொடங்கும், பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில சட்டெண்டு நிண்டுடும். ஈசிஜி, எக்கோ, தைரொயிட், ரெண்டு தரம் ஹோல்டர், எல்லாம் நோர்மல். டென்சன் எண்டு சொல்லி அனுப்பினாங்க. இப்ப வேற ஒரு டொக்டர், நெஞ்சில ஒட்டுற பேட்ச் 14 நாள், இல்லாட்டி ஒரு மாசத்துக்கு ஈவென்ட் ரெக்கோடர் போடச் சொல்லுறார். இந்த வெக்கையில அவ்வளவு நாள் போட ஏலுமா? உண்மையிலேயே தேவையா? அதிலயும் ஒண்டும் வராட்டி என்ன செய்யிறது?"

தங்கச்சி, அந்த "நோர்மல்" எண்ட சொல்லில இருந்தே தொடங்குறன், ஏனெண்டா உங்களப் போல கனபேர் அதை நம்பித்தான் வருசக்கணக்கா சும்மா இருந்திருக்கினம். ஹொஸ்பிட்டலில படுக்க வைச்சு எடுக்கிற ஈசிஜி பத்து செக்கன் தான் பாக்கும். ஹோல்டர் எண்டது உடம்பில மாட்டி வீட்ட அனுப்புற ஈசிஜி மெஷின், அது 24 மணித்தியாலம் பாக்கும். அந்த ரெண்டு தரமும் ஹோல்டர் போட்டிருக்கேக்க உங்களுக்கு அந்த படபடப்பு வந்ததா? கடிதத்தை வாசிக்க வரேல்ல எண்டுதான் நினைக்கிறன். வராட்டி, அந்த ரிப்போர்ட் சொல்லுறது "படபடப்பு இல்லாத ரெண்டு நாளில இதயம் ஒழுங்கா அடிச்சிருக்கு" எண்டு மட்டும்தான். படபடப்பு வாற நேரம் உள்ள என்ன நடக்குது எண்ட கேள்விக்கு அது பதிலே இல்ல.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாப்பம். 21 நாளைக்கு ஒருக்கா வாற ஒண்டை ஒரு நாள் காவல் இருந்து பிடிக்கிறதெண்டா, 100 தரம் போட்டா ஒரு 5 தரம் மாட்டும். ரெண்டு ஹோல்டரையும் சேர்த்தாலும் 10 தரத்தில 9 தரம் வெறுங்கைதான். 14 நாள் பேட்ச் போட்டா கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. 30 நாள் போட்டா நாலு பேரில மூண்டு பேருக்கு மாட்டும். இது படபடப்பு நாள் பாத்து வாறதில்லை, எப்பவும் வரலாம் எண்டு வைச்சுப் போடுற தோராயக் கணக்குதான், ஆனா உங்கட டொக்டர் ஏன் இவ்வளவு நாள் கேக்கிறார் எண்டு இதில விளங்கும். தினமும் வாற ஆளுக்கு ஹோல்டர் காணும், கிழமைக்கு ஒருக்கா வந்தா பேட்ச், உங்களுக்கு மாதிரி மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா எண்டா ஒரு மாசம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாற ஆக்களுக்கு தோலுக்குக் கீழ வைக்கிற சின்ன ரெக்கோடர் இருக்கு, அதின்ர பற்றரி மூண்டு வருசத்துக்குக் கிட்ட நிக்கும், அது உங்களுக்கு இப்ப தேவையில்லை.

இன்னொரு விசயம், நீங்க எழுதினதில எனக்குப் பெரிசாப் பட்டது "திடீரெண்டு தொடங்கும், சட்டெண்டு நிண்டுடும்" எண்ட வரி. பயத்தில, பதட்டத்தில வாற படபடப்பு அநேகமா மெல்ல மெல்ல ஏறி மெல்ல மெல்லத்தான் இறங்கும். சுவிட்சைப் போட்டு நிப்பாட்டின மாதிரி நிக்கிறது எஸ்விடி எண்டு நாங்க சொல்லுற ஒரு வகையின்ர குணம். இதயத்துக்குள்ள ஒரு சின்னக் கரன்ட் வட்டம், அதில சிக்னல் சுத்திச் சுத்தி ஓட நிமிசத்துக்கு 150, 180, 200 எண்டு அடிக்கும். அது வரேக்க கழுத்தில துடிக்கிறது தெரியுதா, முடிஞ்சாப்பிறகு அடிக்கடி மூத்திரம் போக வருதா எண்டு அடுத்த தரம் கவனிச்சுப் பாருங்கோ, ரெண்டும் இருந்தா சந்தேகம் இன்னும் கூடும். இதுதான் எண்டு நான் கடிதத்தை மட்டும் வைச்சு முடிவு சொல்ல ஏலாது, அதைச் சொல்லுறதுக்குத்தான் இந்த ரெக்கோடிங் வேணும். ஆனா பெண்பிள்ளைகள் வந்து இப்பிடிச் சொன்னா "டென்சன்" எண்டு எழுதி அனுப்புறதை நான் கனக்கப் பாத்திட்டன், அதில எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டம்.

சரி, பேட்ச்சா மெஷினா? ரெண்டும் வேலை செய்யிற விதம் வேற, அது விளங்கினாத்தான் போட்டிருக்கேக்க என்ன செய்யவேணும் எண்டும் விளங்கும்.

பேட்ச் எண்டது பெரிய பிளாஸ்டர் மாதிரி, இடப்பக்க நெஞ்சில காறையெலும்புக்குக் கொஞ்சம் கீழ ஒட்டுறது, வயர் இல்ல. ஒட்டின நேரத்தில இருந்து கழட்டும் வரைக்கும் ஒரு துடிப்பு விடாமப் பதியும், நித்திரையில நடக்கிறதும், உங்களுக்குத் தெரியாம நடக்கிறதும் எல்லாம். மேல ஒரு பட்டன் இருக்கும், அதை அமத்தினா ரெக்கோடிங்கில "இந்த நேரம் இவவுக்கு ஏதோ செஞ்சது" எண்டு ஒரு அடையாளம் விழும், அவ்வளவுதான். மறந்துபோய் அமத்தாட்டியும் படபடப்பு பதிஞ்சிருக்கும், நேரத்தை எழுதி வைச்சிருந்தா தேடி எடுக்கலாம்.

ஈவென்ட் ரெக்கோடர் வேற. அதில லூப் எண்டு சொல்லுற வகை, ரெண்டு மூண்டு எலெக்ட்ரோட் ஒட்டி சின்ன மெஷினோட போடுறது. அது எந்த நேரமும் இதயத்தைப் பாத்துக்கொண்டே இருக்கும், ஆனா பாக்கிறதை வைச்சிருக்காது, பழசை அழிச்சு அழிச்சு மேல எழுதிக்கொண்டே போகும். நீங்க பட்டன அமத்தேக்க தான் அந்தத் துண்டைப் பிடிச்சு வைக்கும், அமத்தினதுக்கு முன்னுக்கு ஒரு 30, 60 செக்கன், பிறகு கொஞ்ச நேரம், செட் பண்ணுறதைப் பொறுத்து. கனக்க மெஷின் தானாவும் மிச்சம் கெதியா அடிச்சா, இடையில நிண்டா பிடிச்சு வைக்கும், ஆனா அதை மட்டும் நம்பாதேங்கோ. இந்த "முன்னுக்குள்ள நிமிசம்" தான் எனக்கு தங்கம், ஏனெண்டா படபடப்பு எப்பிடித் தொடங்குது எண்டு அதில தெரியும், எந்த வகை எண்டு சொல்லுறதுக்கு தொடக்கமும் முடிவும்தான் நடுவை விட உதவும்.

என்னட்ட வந்த ஒரு ரீச்சரின்ர கதையைச் சொல்லுறன், கொட்டாஞ்சேனைப் பக்கம், 44 வயசு, மாசத்துக்கு ஒருக்கா போல வாறது. முதல் 14 நாள் பேட்ச் போட்டா. நாலு தரம் பட்டன அமத்தியிருந்தா. நாலையும் எடுத்துப் பாத்தா, ரெண்டில இதயம் ஒழுங்கா 96, 98 எண்டு அடிக்குது, மற்ற ரெண்டில இடையில ஒவ்வொரு எக்ஸ்ட்ரா துடிப்பு, நெஞ்சுக்குள்ள ஒருக்கா துள்ளின மாதிரி இருக்குமே அது, அது அவவுக்கு ஆபத்தில்லை. ஆனா அவ சொன்னது "டொக்டர், இந்த நாலும் சின்னச் சின்ன துள்ளல், நான் சொன்ன பெரிய அடி வரேல்ல". அவ அதைப் பிரிச்சுச் சொல்லாட்டி நான் ரிப்போர்ட்டைப் பாத்து ஆபத்தில்லை எண்டு எழுதி அனுப்பியிருப்பன். பேட்ச் கழட்டி ஆறாம் நாள் வகுப்பில வைச்சு பெரிய அடி வந்திச்சு, பிடிக்க ஒண்டும் இல்ல.

பிறகு 30 நாளைக்கு லூப் ரெக்கோடர். எட்டாம் நாள் வந்திச்சு, அமத்தினா, எங்களிட்ட வந்தது வெறும் கீறல். கோழி கிளறின மாதிரி ஒரு கோடு, ஒண்டும் வாசிக்க ஏலாது. விசாரிச்சா, குளிச்சிட்டு வேர்க்காம இருக்க நெஞ்செல்லாம் பவுடர் போட்டு அதுக்கு மேல எலெக்ட்ரோட் ஒட்டியிருக்கிறா, வேர்க்க அது பாதி கழண்டு நிண்டிருக்கு. பிறகு ஒட்டுற விதத்தை வடிவாக் காட்டிவிட்டன். 19ஆம் நாள், கீழ விழுந்த சோக்கை எடுக்கக் குனிஞ்சு நிமிர தொடங்கியிருக்கு. உடன அமத்தினா. அந்தக் கோட்டைப் பாத்தா, முதல் 82 எண்டு ஒழுங்கா அடிச்சுக்கொண்டிருக்கு, ஒரு துடிப்பு கொஞ்சம் முந்தி வருது, அடுத்த நொடி 188, ஒல்லி ஒல்லியா, அளந்து வைச்ச மாதிரி ஒரே இடைவெளியில. அவ டயரியில எழுதியிருந்தது "10.25 காலை. 4ஆம் வகுப்பு. சோக் எடுக்கக் குனிஞ்சன். கழுத்தில அடிச்சது. தலைசுத்து இல்லை. 12 நிமிசம். 10.37 டக்கெண்டு நிண்டது, திரும்ப அமத்தினன்." இவ்வளவு சொல்லு போதும், இதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். 10.37க்கு அவ அமத்தினதில நிண்ட விதமும் பதிஞ்சிருந்தது. ஏழு வருசமா டென்சன் எண்டு சொல்லப்பட்ட அவவுக்கு எஸ்விடி, ஒரு ஒப்பரேசனுமில்லாம காலில ஊசித் துளையால வயர் விட்டு அந்த இடத்தைச் சுட்டுவிடுற அப்லேசன் செய்தாச்சு, இப்ப நல்லா இருக்கிறா.

உங்கட விசயத்தில நான் ஒரு மாச ரெக்கோடரைத்தான் முதல் சொல்லுவன். கிடைக்கிறது பேட்ச் மட்டும் எண்டா, ஒண்டு முடிய உடன அடுத்தது போட்டு 28 நாள் ஆக்க ஏலுமா எண்டு டொக்டரிட்ட கேளுங்கோ, ஒண்டோட நிப்பாட்டிப் போட்டு "ஒண்டும் இல்ல" எண்டு முடிக்க விடாதேங்கோ. செலவு இடத்துக்கு இடம் வேற, முதலே கேட்டு வைக்கிறது நல்லது.

உங்களிட்ட ஈசிஜி எடுக்கிற வகை ஸ்மார்ட் வாட்ச் இருக்கா? உங்கட படபடப்பு 10, 15 நிமிசம் நிக்குது எண்டதால இதையும் சொல்லவேணும். 30 செக்கன் விரலை வைச்சு எடுக்கிற ஒரு கோடு, படபடப்பு நடக்கிற நேரம் எடுத்தா, எனக்கு அது போதும். 2019இல எடின்பரோ டொக்டர்மார் தலைமையில பிரித்தானிய ஹொஸ்பிட்டல்களில செய்த ஒரு ஆய்வில, படபடப்போட வந்த ஆக்களுக்கு போனோட வேலை செய்யிற இப்பிடி ஒரு சின்ன ஈசிஜி கருவியைக் குடுத்தவை, மூண்டு மாசத்தில பாதிக்கு மேலயான ஆக்களுக்கு படபடப்பு நேரத்துத் தாளம் பிடிபட்டது, வழமையான முறையில பாத்த ஆக்களில பத்தில ஒருத்தருக்குத்தான் பிடிபட்டது. ஆனா கையில பச்சை வெளிச்சம் அடிச்சு 170 எண்டு நம்பர் மட்டும் காட்டுறது ஈசிஜி இல்ல, எவ்வளவு கெதி எண்டு சொல்லும், என்ன வகை எண்டு சொல்லாது. ஒரு நிமிசத்துக்குள்ள முடியிற ஆக்களுக்கும், தலைசுத்தி விழுற ஆக்களுக்கும் இந்த வழி சரிவராது, அவைக்கு எப்பவும் ஒட்டியிருக்கிற மெஷின் தான் வேணும்.

இப்ப அந்த வெக்கைக் கதை. கொழும்பில கனபேருக்கு கழண்டு போறதுக்கும் கடிக்கிறதுக்கும் பாதிக் காரணம் ஒட்டின முதல் அரை மணித்தியாலம். அண்டைக்குக் குளிச்சிட்டு வாங்கோ, ஆனா நெஞ்சில எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் வேண்டாம். ஒட்டுறவர் தோலை லேசாத் தேய்ச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, அது முழுக்கக் காயும் வரைக்கும் பொறுத்து ஒட்டவேணும், காயமுந்தி ஒட்டினா ஈரம் உள்ள நிண்டு கடிக்கும், ஓரமும் எழும்பும். ஒட்டின பிறகு கையால ரெண்டு நிமிசம் நல்லா அமத்திப் பிடியுங்கோ, உடம்புச் சூட்டுக்கு பசை பிடிக்கும். பேட்ச் எண்டா முதல் ஒரு நாள் குளிப்பு வேண்டாம், வேர்த்து விறுவிறுக்கிற வேலையும் வேண்டாம், ஏசி இருக்கிற ஒபீஸ் எண்டா வேலை நாளில ஒட்டுறது சுகம். பிறகு வாளித் தண்ணியில கழுத்துக்குக் கீழ மெல்ல ஊத்தலாம், ஷவர் நேர நெஞ்சில அடிக்க விடாதேங்கோ, கடலும் ஸ்விமிங் பூலும் இந்த மாசம் இல்ல. துவாயால தேய்க்காம ஒத்தி எடுங்கோ. லூப் ரெக்கோடர் எண்டா கழட்டி வைச்சுக் குளிக்கலாம், அந்த நேரத்தில சார்ஜில போடுங்கோ, பிறகு புது எலெக்ட்ரோட்டை பழைய இடத்தில இருந்து ஒரு விரல் தள்ளி ஒட்டினா அதே தோல் திரும்பத் திரும்ப நோகாது. கொஞ்சம் கடிக்கிறது இருக்கும், அது பொறுக்கலாம். கொப்புளம் வந்தா, தோல் சிவந்து நீர் வடிஞ்சா கழட்டிப் போட்டு உடன சொல்லுங்கோ, வேற பசை உள்ள எலெக்ட்ரோட் இருக்கு. கீழ நோகுது எண்டு பேனையால தோண்டுற ஆக்கள் இருக்கினம், தயவு செய்து வேண்டாம். சாறி பிளவுசுக்குள்ள பேட்ச் தெரியாது, பிரா வார் அதுக்கு மேல உரசாத மாதிரி மட்டும் பாருங்கோ, உரசினா ஓரம் எழும்பும், ரெக்கோடிங்கிலயும் கீறல் விழும். கரன்ட் அடிக்குமோ எண்டு பயப்பிட ஒண்டும் இல்ல, இது உங்கட உடம்புக்குள்ள ஒண்டும் அனுப்பிறேல்ல, உடம்பில இருந்து வாறதைக் கேக்கிறது மட்டும்தான்.

போட்டிருக்கிற மாசத்தில உங்கட வாழ்க்கையை மாத்தாதேங்கோ, இதைப் பலர் பிழையா விளங்கிக்கொள்ளினம். மெஷின் போட்டிருக்கு எண்டு கோப்பியை நிப்பாட்டி, படி ஏறாம, நேரத்துக்குப் படுத்து பத்திரமா இருந்தா, வாற படபடப்பும் வராமப் போகும், ஒரு மாசம் வீண். வழமையா எப்பிடி இருக்கிறீங்களோ அப்பிடியே இருங்கோ. குளிசை ஏதும் எடுக்கிறீங்க எண்டா, துடிப்பைக் குறைக்கிற ப்ரொப்ரனலோல் மாதிரி, அதை நீங்களா நிப்பாட்டாதேங்கோ, நிப்பாட்டவேணுமா வேண்டாமா எண்டு டொக்டர்தான் சொல்லவேணும்.

படபடப்பு தொடங்கினா முதல் வேலை பட்டன், அதுக்குப் பிறகுதான் மற்ற எல்லாம். நிறையப்பேர் முதல் மூச்சைப் பிடிச்சு முக்குவினம், குளிர் தண்ணி குடிப்பினம், அம்மாவுக்கு கோல் எடுப்பினம், அடங்கின பிறகு "ஐயோ பட்டன்" எண்டு அமத்துவினம். பேட்ச்சில பரவாயில்ல, லூப்பில முன்னுக்குள்ள நிமிசம் போயிருக்கும். அமத்திப்போட்டு இருங்கோ, கையையும் போனையும் மெஷினில இருந்து கொஞ்சம் விலத்தி, ஆடாம. நிண்டா திரும்ப ஒருக்கா அமத்துங்கோ. பிறகு டயரி. மணிக்கூடும் மெஷினும் ஒரே நேரம் காட்டுதா எண்டு போட்ட அண்டைக்கே பாருங்கோ, அஞ்சு நிமிச வித்தியாசத்தில வேற துண்டைப் பாத்து முடிவெடுத்த கதையும் நடந்திருக்கு.

ஒண்டை மட்டும் தெளிவாச் சொல்லவேணும். பேட்ச்சில பதியிறதை அநேகமா கழட்டிக் குடுத்த பிறகுதான் ஆக்கள் பாப்பினம், அந்த நேரம் யாரும் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கேல்ல. படபடப்போட மயக்கம் வந்தா, நெஞ்சு நொந்தா, மூச்செடுக்கக் கஷ்டமா இருந்தா, வழமையைவிடக் கனநேரம் நிக்காம அடிச்சா பட்டன அமத்திப்போட்டு இருக்காம 1990க்கு எடுங்கோ. ஓடேக்க, வேகமாப் படி ஏறேக்க மயங்கி விழுந்திருந்தாலோ, வீட்டில யாரும் 40 வயசுக்குள்ள திடீரெண்டு செத்திருந்தாலோ இந்த ஒரு மாசம் எண்ட திட்டமே மாறும், அதை இப்பவே டொக்டரிட்ட சொல்லுங்கோ, கடிதத்தில அது பற்றி ஒண்டும் இல்ல.

ஒண்டும் வராட்டி எண்டு கேட்டிருந்தீங்க. அதில ரெண்டு விதம் இருக்கு. ஒரு மாசத்தில படபடப்பே வரேல்ல எண்டா அது இன்னும் பதில் கிடைக்காத டெஸ்ட், நோர்மல் இல்ல, நீடிக்கலாம், வாட்ச் வழியைப் பாக்கலாம். அதே படபடப்பு, நீங்க சொன்ன அதே அடி வந்து, அமத்தி, அந்த நேரத்துக் கோட்டில இதயம் ஒழுங்கான தாளத்தில 100, 110 எண்டு அடிக்குது எண்டா, அது பெரிய பதில். உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்ல எண்ட அர்த்தமில்ல, இதயத்தின்ர கரன்ட்டில பிழை இல்லை, காரணம் வேற இடத்தில இருக்கு எண்டு நிம்மதியாச் சொல்லலாம், இரத்தம் காணாமையோ பதட்டமோ வேற ஏதாவதோ எண்டு அங்க போய்த் தேடலாம்.

ரிப்போர்ட் வாங்கேக்க முதல் பக்கத்துச் சுருக்கத்தோட திரும்பி வராதேங்கோ. "நான் பட்டன அமத்தின நேரத்துக் கோடுகளை பிரின்ட் பண்ணித் தாங்கோ" எண்டு கேளுங்கோ, டயரியையும் பக்கத்தில வைச்சு ஒவ்வொண்டா டொக்டரிட்ட காட்டி, இது பெரிய அடி, இது சின்னத் துள்ளல் எண்டு நீங்களே சொல்லுங்கோ. அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து போனில வைச்சிருங்கோ, இனி எந்த டொக்டரிட்ட போனாலும் அதைத்தான் முதல் காட்டவேணும்.